எரிகோவில் ஆள் இல்லாத நூற்றாண்டுகள்

அன்புள்ள வாசகருக்கு,

உலகில் இன்றுவரை விடாமல் மக்கள் வாழ்ந்துவரும் மிகப் பழைய நகரம் எது என்ற கேள்விக்கு, உங்கள் மகளின் பொது அறிவுப் புத்தகம் எரிகோ என்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் டமாஸ்கஸ் என்கிறது. காசிக்குப் போய்வந்த உங்கள் சம்பந்தி காசிதான் என்று அடித்துச் சொல்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், "எங்கள் மதுரைக்கு ஏன் இந்தப் பட்டியலில் இடமில்லை?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் கடிதம் எழுத உங்களைத் தூண்டியது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஓர் ஊர் பழையது என்று நிரூபிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். ஆழத்தில் ஒரே ஒரு தரை, அதன்மேல் ஒரே ஓர் அடுப்புக் கரி கிடைத்தால் போதும். ஆனால் அங்கே மக்கள் 'விடாமல்' வாழ்ந்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால், இடையில் வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று வேண்டும். மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் எவ்வளவு பழசாக இருந்தாலும் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோம் இல்லையா, அதைப் போலத்தான். பழைய நகரங்களின் உரிமைக்கோரிக்கைகளில் பெரும்பாலும் தாய்ப்பத்திரம் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ள பக்கங்கள் இருக்காது.

இதை எரிகோவை வைத்தே பார்க்கலாம். உலகிலேயே மிகக் கவனமாகத் தோண்டப்பட்ட பழைய ஊர்களில் அது ஒன்று. கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே, யோர்தான் பள்ளத்தாக்கின் வெப்பத்தில், வற்றாத ஓர் ஊற்றின் பக்கத்தில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது டெல் எஸ்-சுல்தான் என்ற மேடு. பரப்பு ஏறத்தாழ 10 ஏக்கர். அந்த ஊற்றுக்கு எலிசா தீர்க்கதரிசியின் பெயரும் உண்டு. இது இயற்கையான குன்று அல்ல. பச்சை மண் செங்கல்லால் கட்டிய வீடு இடிந்தால் அதை அள்ளி வெளியே கொட்ட மாட்டார்கள். சமப்படுத்திவிட்டு அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஊர் தன் குப்பைமேல் தானே ஏறி உயர்ந்தது.

1868இல் சார்லஸ் வாரன் என்ற ஆங்கிலேயர் அங்கே குழிகளை இறக்கிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று போய்விட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய, ஆஸ்திரிய அறிஞர்கள் வந்தார்கள். 1930களில் ஜான் கார்ஸ்டாங் வந்து, இடிந்து எரிந்த ஓர் இரட்டை மதிலைக் கண்டு, இதுவே யோசுவா வீழ்த்திய எரிகோவின் மதில், காலம் சுமார் கி.மு. 1400 என்றார். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் தோண்டினார். அந்த மதில் கார்ஸ்டாங் சொன்னதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது என்று காட்டினார். எப்படி இவ்வளவு பெரிய வித்தியாசம்? மேட்டின் மேற்பகுதி மழையில் கரைந்துபோயிருந்தது. அதனால் மிகப் பழைய மதில் மேற்பரப்புக்கு வெகு அருகில் வந்துவிட்டது. மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது என்ற எளிய கணக்கு சரிவுகளில் செல்லாது.

கென்யனின் முறை வேறு. குழியின் ஆழத்தை மட்டும் அளக்காமல், குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, அதில் தெரியும் ஒவ்வொரு மண் கோட்டையும் வரைந்து எண்ணிட்டார். இந்தப் பானை ஓடு எந்தத் தரையின் மேல் கிடந்தது, அந்தத் தரையை வெட்டிக்கொண்டு போன குழி எது, அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் எந்த அடுக்கிலிருந்து தோண்டப்பட்டது என்றெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தெரியும். மேட்டின் அடியில், சுமார் கி.மு. 8000ஐச் சேர்ந்த, எட்டு மீட்டருக்கு மேல் உயரமான கல் கோபுரம் ஒன்று கிடைத்தது. உள்ளே 22 படிகள். மட்பாண்டம் செய்யவே தெரியாத மக்கள் கட்டியது அது. எரிகோவின் புகழுக்கும் உங்கள் மகளின் புத்தக விடைக்கும் அந்தக் கோபுரம்தான் காரணம்.

ஆனால் அதே குழிச் சுவரில் கென்யன் இன்னொன்றையும் பார்த்தார். அது வெற்றிடம்.

ஆள் இல்லாமல் போன காலத்தை மண்ணில் எப்படி அடையாளம் காண்பது? வீட்டுத் தரை இருந்தால் ஆள் இருந்தார்கள். மெழுகிய தரை, சாம்பல், எலும்புத் துண்டு, மறுபடி மெழுகல் என்று மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆள் போன பிறகு கூரை விழும். பிறகு சுவரின் தலைப்பகுதி மழையில் கரைந்து அடியில் சரியும். அந்த மண் ஒரே சீராக, சரிவின் போக்கில் சாய்ந்து படியும். தண்ணீர் அறுத்த ஓடைத் தடங்கள் தெரியும். அதன்மேல் திரும்ப வந்தவர்கள் தரை போடும்போது, பழைய சுவர் எங்கே இருந்தது என்றே தெரியாமல் வேறு திசையில் கட்டியிருப்பார்கள்.

எரிகோவின் கோபுரத்தைக் கட்டியவர்கள் வட்ட வீட்டில் வாழ்ந்தார்கள். அவர்கள் காலத்து அடுக்கின் மேல் இப்படிப்பட்ட அரிப்பின் தடயம் இருக்கிறது. அதற்கு மேல் வருபவர்கள் செவ்வக வீட்டுக்காரர்கள். தரைக்குச் சுண்ணம் பூசி மெருகேற்றினார்கள். அவர்கள் செங்கல்லும் வேறு வடிவம். நீளமாக, மேலே கட்டைவிரலால் அழுத்திய வரிசைத் தடங்களோடு இருக்கும். வீடு, தரை, செங்கல் மூன்றும் ஒருசேர மாறி, நடுவில் அரிப்பும் இருந்தால், அது ஒரே குடும்பம் வீட்டைப் புதுப்பித்ததாக இருக்க முடியாது. அவர்களுக்குப் பிறகு மறுபடி ஓர் இடைவெளி. அடுத்து வந்தவர்கள் இடிபாட்டில் பள்ளம் தோண்டி, மட்பாண்டத்தோடு குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு இன்னும் நீண்ட இடைவெளி, ஆயிரம் ஆண்டு அளவில். கி.மு. நான்காம் ஆயிரத்தின் கடைசி நூற்றாண்டுகளில்தான் திரும்ப ஊர் எழுந்தது. மதில் சூழ்ந்த அந்த நகரம் சுமார் கி.மு. 2350 வாக்கில் எரிந்தது. அதன் பின் வந்த இன்னொரு நகரம் சுமார் கி.மு. 1550இல் எரிந்தது.

இந்தக் கடைசித் தீக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எரிந்த வீடுகளின் சாம்பலும் கருகிய மண்ணும் சரிவில் வழிந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தடிமனுக்குப் படிந்திருந்தன. மேடு பாதுகாப்பார் இன்றி மழையில் கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பிறகு, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போனதாகக் கென்யனுக்குக் கிடைத்தது ஒரு சுவரின் அடிப்பகுதி, சிறு துண்டுத் தரை, அதன்மேல் ஓர் அடுப்பு, பக்கத்தில் ஒரு சின்னக் குடுவை. அவ்வளவுதான்.

இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? ஒரே ஒரு குடும்பம் கொஞ்ச காலம் தங்கியதா? அல்லது ஓர் ஊரே இருந்து, அதன் மற்ற வீடுகளெல்லாம் பிறகு வந்த மழையில் கரைந்துபோயினவா? இரண்டாவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதைக் கென்யனே ஒப்புக்கொண்டார். மேட்டின் உச்சி அரிக்கப்பட்டது உண்மை என்றால், அரிக்கப்பட்டதில் வீடுகளும் போயிருக்கலாம். இங்கேதான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. 'ஆள் இருந்தார்கள்' என்பதை நிரூபிக்கத் தரை வேண்டும். 'ஆள் இல்லை' என்பதை நிரூபிக்க அரிப்பு வேண்டும். ஆனால் அரிப்பு என்பது தரையைத் தின்றுவிடும் பொருள். சான்றும் சான்றை அழிப்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. போதாதற்கு, பத்து ஏக்கரில் வெட்டிய குழிகள் சிறு பகுதியைத்தான் காட்டும். மேற்குச் சரிவின் குழியில் இடைவெளி தெரிந்த அதே காலத்தில், ஊற்றின் பக்கம் நாலு குடிசை இருந்திருந்தால் அது குழிக்குள் வந்திருக்காது.

சரி, இடைவெளிகளையெல்லாம் மன்னித்துவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. பாபிலோனியர் யூதாவை வீழ்த்திய கி.மு. 586ஐ ஒட்டி இந்த மேட்டின் நகர வாழ்வு முடிகிறது. அதற்குப் பின் எரிகோ என்ற பெயர் இடம் மாறியது. ஹஸ்மோனிய அரசர்களும் ஏரோதும் குளிர்கால அரண்மனை கட்டியது இங்கே அல்ல; சில கிலோமீட்டர் தள்ளி வாடி கெல்ட் ஓடைக்கரையில். உமையாக்கள் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பிய மாளிகை வடக்கே வேறோர் இடத்தில். இன்றைய எரிகோ நகரத்தின் மையமோ மேட்டிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1838இல் அங்கே வந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் கண்டது ஏழ்மையான ஒரு சிற்றூர்.

ஆக, 'பத்தாயிரம் ஆண்டு எரிகோ' என்று சொல்லும்போது நடப்பது இதுதான்: தொடக்கத் தேதியை ஒரு மேட்டின் அடிக்கோபுரத்திலிருந்து எடுக்கிறோம், முடிவுத் தேதியை வேறு இடத்தில் உள்ள இன்றைய சந்தையிலிருந்து எடுக்கிறோம், நடுவில் உள்ள மூன்று நான்கு ஊர்களையும் பல நூற்றாண்டு வெறுமையையும் ஒரே பெயரால் தைத்துவிடுகிறோம். அந்த ஊற்றை நாடி மனிதர்கள் பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாக வந்தபடி இருக்கிறார்கள் என்று சொன்னால் அது சரி. டெல் எஸ்-சுல்தானை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு அந்தப் பழமையே போதுமான காரணம். 'விடாமல்' என்ற சொல் அதற்குத் தேவையே இல்லை.

இனி டமாஸ்கஸ். உங்கள் சம்பந்தி ஏற்கமாட்டார், ஆனால் பட்டத்துக்கான போட்டியில் எரிகோவைவிட டமாஸ்கஸ் வலுவாக நிற்பதற்குக் காரணம் அங்கே கிடைத்த சான்று அல்ல, தோண்ட முடியாததே. பழைய நகரின் 86 ஹெக்டேரிலும் இன்றும் வீடு, கடை, பள்ளிவாசல், தேவாலயம். உமையா பெரிய பள்ளிவாசல் நிற்கும் இடத்தில் அதற்கு முன் தேவாலயம், அதற்கு முன் ரோமர்களின் ஜூபிடர் கோயில், அதற்கும் முன் அரமேயர்களின் ஹதாத் கோயில். அந்தத் தரையைப் பெயர்த்து ஆழக் குழி வெட்ட யார் விடுவார்கள்? எழுத்துச் சான்றில் நகரத்தின் பெயர் கி.மு. 15ஆம் நூற்றாண்டில், எகிப்தின் மூன்றாம் துத்மோஸ் கர்னாக்கில் பொறிக்க வைத்த ஊர்ப் பட்டியலில் வருகிறது. அதிலிருந்து கணக்கிட்டால் 3,500 ஆண்டு. யாரும் சிறிதென்று சொல்ல முடியாது. ஆனால் படங்களில் வருவது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், டெல் ரமத் என்ற மேட்டிலிருந்து. அது நகரத்துக்கு வெளியே தென்மேற்கில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த கற்கால ஊர். அந்த ஊரும் கைவிடப்பட்டது. தாம்பரத்தில் ஒரு கற்கருவி கிடைத்தால் அதை வைத்து மயிலாப்பூர்க் குளக்கரைக்கு வயது சொல்ல முடியுமா?

தோண்டத் தோண்ட இடைவெளி தெரிகிறது. தோண்டாத ஊருக்கு இடைவெளி இல்லை. இந்தப் பட்டத்தின் விசித்திரம் அது. எரிகோ ஒருவகையில் தன் நேர்மைக்காகத் தண்டனை அனுபவிக்கிறது.

கார்பன் காலக்கணிப்பு இருக்கிறதே, அது இடைவெளியைக் காட்டாதா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான். ஆய்வகம் தருவது ஒரு தேதியை அல்ல, ஓர் எல்லையை. வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், மர வளையங்களோடு ஒப்பிட்டு அதைத் திருத்துகிறார்கள். சில காலங்களில் இந்தத் திருத்தக் கோடு தட்டையாகப் படுத்துவிடுகிறது. மிகப் பெயர்போன தட்டை கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்டது. அந்தக் காலத்தில் இருநூறு ஆண்டு இடைவெளியில் வெட்டிய இரண்டு மரங்கள் ஆய்வகத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டலாம். அப்படியானால், நடுவில் ஊர் நூறு ஆண்டு காலியாகக் கிடந்தாலும் கரித்துண்டு அதைச் சொல்லாது.

நூறு ஆண்டு வேண்டாம், நாற்பது நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 546ஆம் ஆண்டின் இறுதியில் காத்தியர்களின் அரசர் தோத்திலா ரோமைப் பிடித்து, எஞ்சியிருந்தவர்களையும் வெளியேற்றிவிட்டார். நாற்பது நாளோ அதற்கு மேலோ அந்த மாநகரத்தில் மனிதர் யாருமில்லை, விலங்குகள் மட்டும் இருந்தன என்று அக்கால லத்தீன் குறிப்பு ஒன்று சொல்கிறது. எழுதிவைத்தவர் இருந்ததால் நமக்குத் தெரியும். எந்த மண்வெட்டியும் அதைக் கண்டுபிடிக்காது. அதனால் ரோமின் தொடர்ச்சி அறுந்துவிட்டதா? அறவில்லை என்று நான் சொல்வேன். மக்கள் திரும்பி வந்தார்கள். அப்படியானால் நாற்பது ஆண்டு என்றால்? நூற்றி நாற்பது என்றால்? எங்கே கோடு போடுவது என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

இந்தப் பட்டத்தை மனிதர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு வடக்கு ஈராக்கின் எர்பில் கோட்டை மேட்டைப் பாருங்கள். 2007 வாக்கில் புனரமைப்புக்காக அங்கே குடியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை அரசு வேறிடத்துக்கு அனுப்பியது. ஒரு குடும்பத்தை மட்டும் அங்கேயே இருக்கச் சொன்னது. ஏன்? 'விடாமல் மக்கள் வாழும் இடம்' என்ற பெயர் போய்விடக் கூடாதாம். 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் எர்பில் சேர்ந்தது. இத்தனைக்கும் அந்த மேட்டின் மிகப் பழைய காலத்துக்குச் சான்று, பெரும்பாலும் பொறுக்கியெடுத்த பானையோடுகள். அடிமட்டம்வரை யாரும் விரிவாகத் தோண்டியதில்லை. கடந்தகாலத்தில் சில நூற்றாண்டு காலியாகக் கிடந்திருந்தாலும் தெரியாத ஒரு மேட்டில், நிகழ்காலத்தில் ஓர் இரவுகூடக் காலியாகக் கிடக்கக் கூடாது என்று ஒரு குடும்பத்தைக் காவல் வைத்தார்கள்! எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

காசியைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே முறையாகத் தோண்டப்பட்டது, இன்றைய படித்துறைகளுக்கு வடகிழக்கே, ரயில் பாலத்தை ஒட்டிய ராஜ்காட் மேடு. 1957 முதல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது அடித்தட்டுக்குச் சுமார் கி.மு. 800 என்று காலம் சொன்னார்கள். காசி மிகப் பழைய நகரம், ஐயமில்லை. ஐயாயிரம் ஆண்டு என்பது மண் சொன்னது அல்ல.

இப்போது மதுரை. மீனாட்சிபுரம் என்று சொல்லப்படும் மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் நெடுஞ்செழியனின் பெயர் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, பாண்டியனின் அரச நகரமாக 'மொதுரா'வைக் குறிக்கிறார். பெயரும் அரசும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்தவை என்பதற்கு இவை நல்ல சான்று. ஆனால் நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த படம் கீழடியை வைத்து மதுரையின் வயதைச் சொல்கிறது. கீழடி மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள தனி ஊர். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிக்கு ஆய்வகம் கி.மு. 580 என்று தந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. வைகைக்கரையில் அந்தக் காலத்தில் வளமான வாழ்வு இருந்தது என்பதற்கு அது முக்கியமான சான்று. இருந்தாலும் அந்தத் தேதி நான் மேலே சொன்ன தட்டைக் கோட்டின் நடுவில் விழுகிறது என்பதால், முன்னும் பின்னும் தாராளமாக இடம்விட்டுப் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், டமாஸ்கஸ்காரர்கள் டெல் ரமத்தின் வயதைக் கடன் வாங்கியதைப் போல நாம் கீழடியின் வயதை மதுரைக்கு எழுதிவைக்கக் கூடாது. கீழடியின் பெருமை கீழடிக்கே இருக்கட்டும்.

மதுரையின் உண்மையான கணக்கு மாசி வீதிகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே யாரும் அகழாய்வுக் குழி வெட்டப்போவதில்லை; வெட்டவும் வேண்டாம். ஆனால் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீதிகளை வெட்டுகிறார்கள். அப்படி வெட்டும் பள்ளத்தின் சுவரைக் குழாய் இறக்குவதற்கு முன் ஒருவர் சீவி, அடுக்குகளை வரைந்து, எந்த அடுக்கில் என்ன ஓடு வந்தது என்று குறித்து வைத்தால், சில பத்தாண்டுகளில் மதுரைக்கு டமாஸ்கஸிடம் இல்லாத ஒன்று இருக்கும். அதில் இடைவெளியும் தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நான் மதுரையைக் குறைத்து மதிக்கப்போவதில்லை.

மகளின் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் எரிகோ என்றே எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடுகிறவர் கையில் அந்தப் புத்தகம்தான் இருக்கும்.

அன்புடன்,
கட்டுரையாளர்